எட்டுக் கயிற்றில் ஒன்று

மண்டபத்துக்கு அருகே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம், பள்ளி ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளைப் பின்னல் கோலாட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. விலக்கிக்கொண்டதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதில் எனக்கு இப்போதும் குழப்பம் கிடையாது. ஆனால் அதைப் பொறுப்பாசிரியையிடம் தெரிவித்த விதத்தில் ஒரு முழு நாளை நான் வீணடித்தேன், அந்த நாளின் விலையை நான் கொடுக்கவில்லை, அந்த ஆசிரியையும் ஏழு பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

அந்த ஆட்டத்தின் கட்டமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் ஒரு நாள் என்பது எவ்வளவு பெரியது என்று விளங்கும். மேடையின் நடுவே உயரத்தில் ஒரு வளையத்தைக் கட்டி, அதிலிருந்து எட்டுக் கயிறுகளைத் தொங்கவிடுகிறார்கள். எட்டுப் பிள்ளைகளும் ஒரு கையில் கயிற்றையும் மறு கையில் கோலையும் பிடித்துக்கொள்கிறார்கள். நால்வர் வலமாகவும் நால்வர் இடமாகவும் சுற்றுகிறார்கள். எதிரே வருகிறவளுடன் கோலைத் தட்டிவிட்டு, முதல் ஆளை வெளிப்பக்கமாகக் கடந்தால் அடுத்த ஆளை உட்பக்கமாகக் கடக்க வேண்டும். அப்படி மாறி மாறிக் கடக்கும்போது மேலே கயிறுகள் ஜடை போலப் பின்னிக்கொண்டே இறங்குகின்றன. பாட்டின் பிற்பகுதியில் அதே அடிகளைத் தலைகீழாக ஆடி, பின்னலை அவிழ்த்துவிடுகிறார்கள். வந்திருப்பவர்கள் கை தட்டுவது அந்த அவிழ்ப்புக்குத்தான்.

இதில் ஒற்றைப்படை எண்ணிக்கை செல்லாது. ஏழு பேர் ஆடினால் ஒரு திசையில் நால்வர், மறு திசையில் மூவர் என்று ஆகி, எங்கோ ஓரிடத்தில் உள்ளே போக வேண்டியவர்கள் இருவர் நேருக்கு நேர் வந்துவிடுவார்கள். ஆகவே ஒருத்தி விலகினால் பொறுப்பாசிரியைக்கு முன்னால் இரண்டே வழிகள் இருக்கின்றன. விலகியவளின் இணையையும் சேர்த்து நிறுத்திவிட்டு ஆறு பேரோடு ஆடவிடலாம். அல்லது புதிதாக ஒருத்தியைப் பழக்கலாம். முதல் வழியில், எந்தக் குற்றமும் செய்யாத ஒரு குழந்தை மேடையை இழக்கிறாள். இரண்டாவது வழிக்கு நாள் வேண்டும். ஏனென்றால் பின்னும்போது செய்யும் பிழை அப்போது தெரிவதில்லை, அவிழ்க்கும்போதுதான் முடிச்சாக நிற்கிறது.

புதன்கிழமை மாலைப் பயிற்சியிலிருந்து வரும்போதே அவளுக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. என் கணவர் விசைப்படகில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கத்தில் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் என்பதால் அன்று இரவு அவர் வீட்டில் இல்லை. குளிப்பாட்டப் போனபோது வயிற்றில் இரண்டு சிவப்புத் தடிப்புகளைப் பார்த்தேன். எறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தேன். விடியற்காலையில் பார்த்தால் அவை இரண்டும் பனித்துளி போல நீர் கோத்திருந்தன, முதுகிலும் தலைமுடிக்குள்ளும் புதிதாகப் பத்துப் பன்னிரண்டு எழும்பியிருந்தன. என் மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலைப்படியில் செருகினார். பிறகு, “அம்மா வந்திருக்கா. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத” என்றார்.

அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்று முழுப் பழியையும் மாமியார் மேல் போட்டுவிட முடியாது. மூன்று வாரமாக அந்தக் குழந்தை கூடத்துத் தூணில் கயிறு கட்டி ஆடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் எப்படியாவது வாடிவிடாதா என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது. அதனால் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், “டீச்சர்கிட்ட அவளுக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டான்னு சொல்லிரும்மா” என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை குறைகள் இருந்தன என்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். காய்ச்சல் என்றால் கேட்பவருக்கு நாளை சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ‘இன்னைக்கு வரமாட்டா’ என்பதில் ‘சனிக்கிழமை வருவா’ என்பது சொல்லாமலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துச் சென்றவளோ பதினோரு வயதுக் குழந்தை. அவள் வகுப்பாசிரியையிடம் சொன்னாள், வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார், கோலாட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியைக்கு மதிய உணவு நேரத்தில்தான் ஒரு காதுச் செய்தியாக அது போய்ச் சேர்ந்தது. வகுப்பாசிரியையிடம் சொல்வது விடுப்புக்குப் போதும். நிகழ்ச்சியிலிருந்து விலகுவதற்கு அது போதாது, நிகழ்ச்சிக்கு யார் பொறுப்போ அவரிடமே நேரடியாகப் போக வேண்டும்.

அன்று காலை பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்தவுடனே சின்னம்மை என்று சொல்லிவிட்டார். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கோ கூட்டம் கூடும் இடத்துக்கோ அனுப்பக் கூடாது என்றார். கொப்புளங்கள் ஒரே நாளில் எழும்புவதில்லை, நான்கைந்து நாள் தவணை தவணையாக வரும். ஆகவே சனிக்கிழமை என்ற பேச்சுக்கே இடமில்லை. தொலைபேசியை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். மருத்துவமனை வேப்பமரத்தடியில் நின்று எண்ணைத் தேடியும் எடுத்தேன். பிறகு, இவர் கரைக்கு வந்ததும் கேட்டுக்கொண்டு பேசலாம், சாயந்திரம் பேசலாம் என்று ஒத்திப்போட்டேன். ஒத்திப்போட்ட அந்த ஏழெட்டு மணி நேரத்தில் எனக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது ஒன்றுமே இருக்கவில்லை. இன்னொரு தகவலுக்காகக் காத்திருந்தால் அது நியாயம். நான் தைரியத்துக்காகக் காத்திருந்தேன்.

வியாழன் மாலைப் பயிற்சியில், என் மகள் நாளைக்கு வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில், அந்த ஆசிரியை தாமே அவளுடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடத்தை நிரப்பியிருக்கிறார். மற்ற ஏழு பேரும் ஒரு வளர்ந்த ஆளின் கை உயரத்துக்குக் கீழே குனிந்து குனிந்து ஆடியிருக்கிறார்கள். மாற்று ஆளைப் பழக்கியிருக்க வேண்டிய மாலை அப்படிக் கழிந்தது.

கரை திரும்பித் தூங்கி எழுந்த என் கணவரிடம் இரவு சொன்னபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, “டீச்சருக்குத் தெரியுமா?” என்பதுதான். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கடலுக்கு வரலேன்னா முதல் நாள் ராத்திரியே சொல்லிரணும். டோக்கன் போட்டு, ஐஸ் ஏத்தி, டீசல் அடிச்சு எல்லாரும் படகுல ஏறுனப்பறம் ‘எனக்கு மேலுக்கு முடியல’ன்னு ஒருத்தன் சொன்னா ஆளுக்கு எங்க போறது? வர்றேன்னும் சொல்லாம வரலேன்னும் சொல்லாம இருக்கிறவன்தான் இருக்கிறதுலயே மோசம்” என்றார். இரவு பத்தரைக்கு மேல் ஆகிவிட்டதால் விடிந்ததும் பேசுவது என்று முடிவு செய்தோம். குறுஞ்செய்தியாவது அன்றிரவே அனுப்பியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அழைத்தேன். பேசுவதற்கு முன் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன்; இல்லாவிட்டால் மன்னிப்பிலேயே ஆரம்பித்து மன்னிப்பிலேயே முடிந்திருக்கும். “டீச்சர், நான் இன்னார் அம்மா பேசுறேன். நாளைக்கு அவ ஆட முடியாது. சின்னம்மை போட்டிருக்கு, டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாங்க” என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டேன். சிறிது நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு, “நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். ஆமாம் என்றேன். காரணம் எதையும் அடுக்கவில்லை. அவர் அடுத்துக் கேட்ட கேள்விதான் நான் கொஞ்சமும் எதிர்பாராதது: “எந்த நாள்லேருந்து? செவ்வாக்கிழமை பயிற்சிக்கு வந்தப்ப இருந்துச்சா?”

சின்னம்மை, தடிப்பு தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதன்படி செவ்வாயும் புதனும் அவளோடு சேர்ந்து ஆடிய ஏழு பேரும் தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடும். ஆனால் தொற்றியவர்களுக்கு நோய் வெளிப்படப் பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். ஆகவே சனிக்கிழமை விழாவில் அவர்கள் ஆடுவதற்குத் தடை எதுவும் இல்லை. இதைச் சொன்னதும் அவருக்குச் சற்று மூச்சு வந்தது. உடனே இன்னொன்றைச் சொன்னார். பிள்ளைகளுக்கு உடை அளவு பார்க்க வந்திருந்த மற்றோர் ஆசிரியை ஐந்து மாத கர்ப்பிணி. அவருக்குச் சிறு வயதில் அம்மை போட்டிருந்தால் கவலையில்லை. போடவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் என்று மூடி வைத்திருந்தேனே, அந்த ஒரு நாள் அவருடைய நாளும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அன்று காலையே தம் தாயாரைக் கேட்டு, இரண்டாம் வகுப்பில் தமக்கு அம்மை வந்ததை உறுதிசெய்துகொண்டார் என்று பிறகு தெரியவந்தது.

எல்லா விலகலுக்கும் காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் ஒரு சண்டை, பணத் தட்டுப்பாடு, பெண் பிள்ளை பெரியவளானது என்றால், ‘குடும்பக் காரணம்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. முடிவு மட்டும் தெளிவாக இருந்தால் போதும். தொற்றுநோய் அப்படிப்பட்டதில்லை. அதன் பெயரையும் தொடங்கிய நாளையும் சொல்லியே தீர வேண்டும். அதற்காக வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நானே போய்ப் போட்டிருந்தாலும் தவறாகியிருக்கும். பொறுப்பாசிரியைக்கு அதை எப்போது, எப்படிச் சொல்வது என்று யோசிக்க இடம் கொடுக்க வேண்டும். அவர் பிள்ளையின் பெயரைக் குறிப்பிடாமல், பயிற்சியில் இருந்த ஒரு மாணவிக்குச் சின்னம்மை கண்டிருக்கிறது, அடுத்த மூன்று வாரம் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் அந்த ஏழு வீடுகளுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பினார்.

பேசி முடித்தவுடன், அவரே கேட்டுக்கொண்டபடி, எழுத்திலும் அனுப்பினேன். தலைமையாசிரியரிடம் காட்டவும் நிகழ்ச்சி நிரலில் பெயரை மாற்றவும் அவருக்கு அது தேவைப்பட்டது. அனுப்பியது இதுதான்:

“மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகளுக்குச் சின்னம்மை கண்டிருப்பதாக நேற்று வியாழக்கிழமை காலை மருத்துவர் உறுதிசெய்தார். ஆகவே நாளை நடைபெறும் ஆண்டு விழாவில் பின்னல் கோலாட்டத்தில் அவள் பங்கேற்க மாட்டாள். கொப்புளங்கள் முழுவதும் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கும் வரமாட்டாள். செவ்வாய், புதன் இரு நாள் பயிற்சியிலும் அவள் இருந்தாள். புதனன்று கொடுத்தனுப்பிய உடை இன்னும் உறையிலிருந்து பிரிக்கப்படவில்லை. இன்று காலை 9 மணிக்குள் அவளுடைய தந்தை கொண்டுவந்து ஒப்படைப்பார். நேற்றே தெளிவாகத் தெரிவிக்காதது என் தவறு.”

இதில் ‘முடிந்தால்’, ‘பார்க்கலாம்’, ‘அநேகமாக’ ஆகிய சொற்கள் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தால் போதும். முதல் வரைவில் ‘பங்கேற்க இயலாத நிலை ஏற்பட்டுள்ளது’ என்றுதான் எழுதியிருந்தேன். மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் படிப்பவர் மனத்தில் ‘நிலை மாறினால்?’ என்று ஒரு கேள்வியை அது விட்டுவைக்கிறது. என் கணவர்தான் படித்துவிட்டு, “மாட்டான்னு போடு” என்றார். உடைக்குக் கட்டியிருந்த வாடகைப் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த உடையை இன்னொருத்தி உடுத்தினாலும் உடுத்தாவிட்டாலும் கடைக்காரருக்குக் கணக்கு ஒன்றுதான்.

இணையை நிறுத்த அந்த ஆசிரியைக்கு மனமில்லை. தினமும் பயிற்சியின்போது ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டு நிறுத்தும் வேலையைச் செய்துவந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள்; அடிகள் அவளுக்குக் கண் பழக்கமாகவே மனப்பாடம். கயிறுதான் கைக்குப் பழக்கமில்லை. வெள்ளி மாலையும் சனி முற்பகலும் மட்டுமே மிச்சம் இருந்ததால், எட்டுச் சுற்றுப் பின்னுவது என்றிருந்ததை நான்கு சுற்றாகக் குறைத்து, மிச்சப் பாட்டுக்கு வெறும் கோலாட்டமாக ஆடுவது என்று முடிவு செய்தார். இன்னும் ஒரு மாலை கிடைத்திருந்தால் ஆறு சுற்றாவது பின்னியிருக்கலாம் என்று பின்னொரு நாள் குறையாக இல்லாமல் கணக்காகத்தான் சொன்னார்.

இந்த இடத்தில் என் மகள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தாள். மாற்று ஆள் யார் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, “அவளுக்கு நான் சொல்லித் தரட்டா?” என்று கேட்டாள். ஆசிரியையிடம் அனுமதி பெற்று, அந்தச் சிறுமியின் வீட்டு எண்ணுக்கு அழைத்துக் கொடுத்தேன். தான் நிற்பது மூன்றாவது இடம், வலமாகச் சுற்ற வேண்டும், முதல் கடப்பு வெளிப்பக்கம், இரண்டாவது சரணம் தொடங்கும்போது தலைகீழாகத் திரும்ப வேண்டும் என்று சொன்னாள். அதோடு, ஆசிரியைக்கே தெரியாத ஒன்றையும் சொன்னாள்: “எதிர்ல வர்றவ மூஞ்சியப் பார்த்தீன்னா சிரிப்பு வந்து உள்ளயா வெளியவான்னு மறந்துரும். அவ கயித்தப் பாரு. மேல ஒரே கயிறு ரெண்டு தடவை மேலாப்புல கெடந்துச்சுன்னா தப்பு, அங்கேயே நின்னு திருப்பி அவுத்துரு. முன்னாடி போனா முடிச்சு.” விலகுகிறவள் தன் இடத்தைக் கை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போக முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது. எழுத்தில் அனுப்பிய அந்தச் செய்தியில் இதையும் சேர்த்திருந்தால் ஆசிரியைக்கு அரை மணி நேரமாவது மிச்சமாகியிருக்கும்.

என் கணவர் உடையைக் கொடுக்கப் போனபோது, விழாவில் ஆடுபவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கையில் மகளுக்கு உடம்புக்கு என்னவென்று சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவர்களும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவர் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார், என்னாலும் பிள்ளையை விட்டு நகர முடியவில்லை. எதிர் இணையாக ஆடிய பெண்ணின் தாயார் இரவு ஒன்பது மணிக்குக் காணொளி அனுப்பினார். திறந்தவெளி மேடை என்பதால் வாடைக்காற்றில் கயிறுகள் ஆடாமலிருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டைக் கட்டியிருந்தார்கள், அப்படியும் பிள்ளைகள் கையில் பிடித்த பிறகுதான் கயிறுகளின் ஆட்டம் அடங்கியது. மூன்றாவது சுற்றில் அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒரு நொடி நின்று மேலே பார்த்தாள். ஓரடி பின்னால் வைத்து, கயிற்றை மாற்றிக்கொண்டு, மறுபடி ஆடத் தொடங்கினாள். என் மகள் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பின்னல் முழுவதும் அவிழ்ந்து எட்டுக் கயிறும் பிரிந்து நின்றபோது கூட்டம் எழுப்பிய ஓசையில் பாட்டே கேட்கவில்லை.

சரியாகப் பதினைந்தாம் நாள், காலை ஆறு மணிக்கு அதே தாயார் என்னை அழைத்தார். அவருடைய மகளின் கழுத்தில் நீர்க்கொப்புளம் இரண்டு தெரிகிறதாம். மறுநாள் திருப்புதல் தேர்வு தொடங்குகிறது. “டீச்சர்கிட்ட என்னன்னு சொல்லணும்க்கா? நீங்க அன்னைக்கு எழுதி அனுப்பினதை எனக்கு அனுப்புங்களேன்” என்றார். அனுப்பினேன். அன்று மருத்துவர் பார்த்த கையோடு, கோலாட்டம் என்றிருந்த இடத்தில் தேர்வு என்று மாற்றி, கிழமைகளைத் திருத்தி, உடை பற்றிய வரிகளோடு கடைசி வரியையும் எடுத்துவிட்டு, பத்து மணிக்கு முன்பாகவே பள்ளிக்கு அனுப்பிவிட்டார்.